ஐந்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காத அணி

2015 செப்டம்பர் 12 அன்று லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு எதிரான ஆட்டம் முடியப்போகும் நேரம். மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த இளைஞர் கெலெச்சி இஹியானாச்சோ 90ஆவது நிமிடத்தில் கோல் அடித்து மான்செஸ்டர் சிட்டியை வெற்றி பெறச் செய்தார். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அந்தப் பருவத்தில் சிட்டிக்கு அது ஐந்தாவது ஆட்டம், ஐந்தாவது வெற்றி. அதுவரை அவர்கள் போட்டது 11 கோல்கள். வாங்கியது ஒன்றுமில்லை.

அணிகளின் பலத்தை எண்ணாக்கி அடுத்த ஆட்டங்களைக் கணிக்கும் ஒருவர் அன்றிரவு கணினி முன் உட்கார்ந்திருந்தால் ஒரு சிக்கலில் மாட்டியிருப்பார். கோல் எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவலைப் பயன்படுத்தி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாக்குதல் எண்ணும் ஒரு தற்காப்பு எண்ணும் கொடுப்பது இத்துறையில் பழைய வழக்கம். எம். ஜே. மேஹர் 1982இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வரும் மரபு அது. அந்த எண்களை மீப்பெரு நிகழ்தகவு முறையில், அதாவது கண்ட தரவுக்கு மிகச் சிறப்பாகப் பொருந்தும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முறையில் கணக்கிட்டால், சிட்டியின் தற்காப்பு எண் முடிவிலியை நோக்கி ஓடும். பூஜ்யம் கோலுக்கு மிகச் சிறப்பாகப் பொருந்தும் சராசரி பூஜ்யம்தான். மென்பொருள் நின்றுவிடாது. ஒரு பிரம்மாண்டமான குணகத்தையும் அதைவிடப் பல மடங்கு பெரிய திட்டப் பிழையையும் அச்சிட்டுவிட்டு அமைதியாகிவிடும். அதை நம்பினால், மீதியிருக்கும் 33 ஆட்டங்களிலும் சிட்டி ஒரு கோல்கூட வாங்கக் கூடாது.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் வெஸ்ட் ஹாமிடம் 1-2, டோட்டன்ஹாமிடம் 1-4 என்று சிட்டி தோற்றது. பருவ முடிவில் வாங்கிய கோல்கள் 41.

பூஜ்யம் அபத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கேள்வி, அதற்குப் பதில் எந்த எண்ணை வைப்பது என்பதே. கால்பந்து தெரிந்தவர் ‘ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும்’ என்று சொல்வார். அவருடைய உள்ளுணர்வில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஐந்து ஆட்டங்கள் போதாது, மற்ற அணிகள் எப்படி ஆடும் என்பது எனக்குத் தெரியும், இந்த அணி அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்க முடியும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பேயீசிய அடுக்கு மாதிரி செய்வது இதே கணக்கைத்தான். வேறுபாடு, அந்த எல்லையைத் தரவிலிருந்தே அது கற்றுக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. கணினி இல்லாமல் காகிதத்திலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

முந்தைய பருவமான 2014-15ஐ எடுத்துக்கொள்வோம். இருபது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள், மொத்தம் 975 கோல்கள். ஆகவே ஓர் அணி சராசரியாக வாங்கியது 48.75 கோல்கள், ஆட்டத்துக்கு 1.28. மிகக் குறைவாக வாங்கியது செல்சி (32), மிக அதிகம் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (73). இருபது எண்களின் விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 102 வருகிறது.

இந்த 102 முழுவதும் அணிகளின் தரத்தால் வந்ததல்ல. இருபது அணிகளும் அச்சு அசலாக ஒரே பலம் கொண்டவை என்று வைத்துக்கொண்டாலும், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தும் நடுவரின் ஒரு விசிலும் அவற்றின் எண்ணிக்கையைச் சிதறடித்திருக்கும். பாய்சான் பரவலில் இந்தச் சிதறலின் விலக்க வர்க்கச் சராசரி, சராசரிக்கே சமம். அதாவது 48.75. 102இலிருந்து இதைக் கழித்தால் 53. அணிகளுக்கிடையே உண்மையில் இருக்கும் வேறுபாடு அவ்வளவுதான். பருவம் முழுவதும் ஆடி முடித்த பிறகும், தற்காப்புப் பட்டியலில் நாம் காணும் ஏற்றத்தாழ்வில் கிட்டத்தட்ட பாதி அதிர்ஷ்டம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கழித்தல் இதுதான். அடுக்கு மாதிரியின் சாரம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

53க்கு வர்க்கமூலம் எடுத்தால் 7.3 கோல், சராசரியில் சுமார் 15 சதவீதம். இந்த அளவு பரந்திருக்கும் அணிகளின் உண்மை விகிதங்களைக் காமா பரவலால் குறித்தால் வசதியான ஒரு விளைவு கிடைக்கும்: நமது முன்னறிவை, அதாவது பிரையரை, ‘ஏற்கனவே பார்த்துவிட்ட ஆட்டங்கள்’ என்று எழுதிவிடலாம். சராசரியின் வர்க்கத்தை 53ஆல் வகுத்தால் 45. அதை 1.28ஆல் வகுத்தால் 35. எந்த அணியைப் பற்றியும் எதுவும் தெரியாத நிலையில் நாம் 35 ஆட்டங்களில் 45 கோல்கள் வாங்கியதைப் பார்த்திருப்பதற்குச் சமமான அறிவோடு தொடங்குகிறோம் என்பது இதன் பொருள்.

சிட்டியின் ஐந்து ஆட்டங்களைச் சேர்ப்போம். கோல்கள் 45 கூட்டல் 0, ஆட்டங்கள் 35 கூட்டல் 5. நாற்பதில் நாற்பத்தைந்து: ஆட்டத்துக்கு 1.125.

ஐந்து ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்காத சாதனை, மதிப்பீட்டை 1.28இலிருந்து 1.125க்கு மட்டுமே நகர்த்தியிருக்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். மீதி 33 ஆட்டங்களில் சிட்டி உண்மையில் வாங்கியது ஆட்டத்துக்கு 1.24. நம் மதிப்பீட்டின்படி 37 கோல்கள் எதிர்பார்த்தோம், வந்தது 41. ஒன்றை மறைக்கக் கூடாது: ஐந்து ஆட்டங்களையும் மறந்துவிட்டு லீக் சராசரியையே சொல்லியிருந்தால் 42 என்று வந்திருக்கும், அது இன்னும் நெருக்கம். ஓர் அணியை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது. ஆனால் தற்காப்பைப் பொறுத்தவரை ஐந்து ஆட்டங்கள் எவ்வளவு குறைவாகப் பேசுகின்றன என்பதற்கு அந்த 42 நல்ல சாட்சி.

தாக்குதல் பக்கம் கதை வேறு. அதே பருவத்தில் போட்ட கோல்களும் மொத்தம் 975தான், சராசரியும் அதே 48.75. ஆனால் மான்செஸ்டர் சிட்டி 83 போட்டது, பர்ன்லி 28 மட்டுமே. இங்கே விலக்க வர்க்கச் சராசரி 218. அதிர்ஷ்டத்தின் பங்கு அதே 48.75. கழித்தால் 169. வாங்கும் கோல்களில் பாதி ஏற்றத்தாழ்வு அதிர்ஷ்டமாக இருந்தது, போடும் கோல்களில் கால்பங்குக்கும் குறைவாகிவிட்டது. முன்னறிவின் எடை 35 ஆட்டங்களிலிருந்து சுமார் 11 ஆட்டங்களுக்கு, 14 கோல்களுக்கு, இறங்குகிறது.

இப்போது இன்னோர் அணி. சிட்டி பேலஸை வென்ற மறுநாள் லெஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று வென்றது. ஐந்து ஆட்டங்களில் லெஸ்டர் போட்டதும் 11 கோல்கள், மான்செஸ்டர் சிட்டிக்குச் சமம். நேரடி விகிதம் 2.2. மாதிரி சொல்வது 14 கூட்டல் 11, வகுத்தல் 16: சுமார் 1.56. மீதி 33 ஆட்டங்களுக்கு நேரடி விகிதத்தின்படி 73 கோல், லீக் சராசரியின்படி 42, மாதிரியின்படி 52. உண்மையில் லெஸ்டர் போட்டது 57, மான்செஸ்டர் சிட்டி 60. இரண்டு அணிகளுக்குமே மாதிரியின் எண்தான் மூன்றிலும் நெருக்கமானது.

இப்படிச் சராசரியின் பக்கம் இழுப்பதைத்தான் ஷ்ரிங்கேஜ் என்கிறார்கள். எவ்வளவு இழுப்பது என்று மனிதர் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே லீக், ஒரே பருவம், ஒரே ஐந்து ஆட்டங்கள். தற்காப்பை மாதிரி பலமாக இழுத்தது, தாக்குதலை அளவோடு இழுத்தது. அணிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு எங்கே அதிகமோ அங்கே ஐந்து ஆட்டங்களுக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கிறது.

காகிதக் கணக்கில் இரண்டு குறைகள் உண்டு. எதிரணி யார் என்று அது பார்க்கவில்லை. சிட்டியின் ஐந்தில் மூன்று வெளியூர் ஆட்டங்கள், ஒன்று நடப்புச் சாம்பியன் செல்சியோடு. இரண்டாவது, அந்த 35 என்ற எண்ணையே உறுதியானதாக எடுத்துக்கொண்டது. இதே கழித்தலை 2015-16 பருவத்தின் முழு முடிவுகளோடு செய்தால் 35க்குப் பதில் சுமார் 22 வருகிறது. இருபது அணிகளிலிருந்து கணக்கிட்ட பரப்பு என்பதால் அதுவே ஆட்டம் காணும் எண்தான். அந்த ஆட்டத்தையும் விடைக்குள் கொண்டுவர வேண்டும்.

முழு மாதிரி இரண்டையும் சரிசெய்கிறது. ஓர் ஆட்டத்தில் உள்ளூர் அணி போடும் கோல்களின் மடக்கைச் சராசரி என்பது பொது மட்டம், சொந்த மைதான அனுகூலம், அந்த அணியின் தாக்குதல் ஆகியவற்றின் கூட்டலிலிருந்து எதிரணியின் தற்காப்பைக் கழித்தது. வெளியூர் அணிக்கும் அதேதான், மைதான அனுகூலம் மட்டும் இல்லை. இருபது தாக்குதல் எண்களும் ஒரு பொதுப் பரவலிலிருந்து வந்தவை, இருபது தற்காப்பு எண்களும் இன்னொன்றிலிருந்து. அந்த இரண்டு பரவல்களின் அகலங்களும் தெரியாதவை. ஆகவே அவற்றுக்கும் பிரையர் உண்டு. ‘அடுக்கு’ என்ற பெயர் இங்கிருந்துதான் வருகிறது. ஸ்டான் மொழியில் மாதிரியின் மையப் பகுதி இவ்வளவுதான்:

```stan
model {
  vector[K] att = s_att * za;
  vector[K] def = s_def * zd;
  mu ~ normal(0.2, 0.3);
  home ~ normal(0.3, 0.2);
  s_att ~ normal(0, 0.3);
  s_def ~ normal(0, 0.3);
  za ~ std_normal();
  zd ~ std_normal();
  yh ~ poisson_log(mu + home + att[h] - def[a]);
  ya ~ poisson_log(mu + att[a] - def[h]);
}
```

`s_att`, `s_def` இரண்டும் நேர்மதிப்பு மட்டுமே எடுக்கும்படி முன்பே அறிவிக்கப்பட்டவை, ஆகவே அவற்றின் பிரையர் பாதி நார்மல் பரவல். மடக்கை அளவில் 0.3 என்றால் அணிகள் ஒன்றுக்கொன்று சுமார் 30 சதவீதம் வேறுபடலாம் என்று பொருள். நம் காகிதக் கணக்கில் வந்தவை தற்காப்புக்கு 15 சதவீதமும் தாக்குதலுக்கு 27 சதவீதமும். இரண்டுக்கும் இந்தப் பிரையரில் தாராளமாக இடம் இருக்கிறது.

அணிகளின் எண்களை நேரடியாக `att ~ normal(0, s_att)` என்று எழுதாமல், `za` என்ற திட்டமாக்கிய எண்ணை அகலத்தால் பெருக்கி எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஐந்து சுற்றுகள் முடிந்திருக்கும்போது கையில் இருப்பவை 50 ஆட்டங்கள், நூறு கோல் எண்ணிக்கைகள். தீர்மானிக்க வேண்டியவை அகலங்களை விட்டுவிட்டாலே 42 எண்கள். இவ்வளவு மெலிந்த தரவில் தற்காப்பின் அகலம் பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்கவும் வாய்ப்புண்டு. அகலம் சிறுத்தால் இருபது தற்காப்பு எண்களும் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு குறுகிய இடுக்கில் அடைபட வேண்டும். அகலம் பெருத்தால் அவை பரந்து உலாவலாம். போஸ்டீரியரின் வடிவம் புனல்போல ஆகிவிடுகிறது. மாதிரிகளை எடுக்கும் அல்காரிதம் ஒரே அடிநீளத்தில் நடப்பது. வாயில் சரியாக நடக்கும் அடி, கழுத்துக்குப் பெரிதாகிவிடும். கழுத்துக்குள் அது நுழைய முடியாமல் திரும்பிவிட்டால், சிறிய அகலங்கள் விடையில் இடம்பெறாமலேயே போகும். விளைவு, அகலம் மிகையாக மதிப்பிடப்படும், இழுப்பு இருக்க வேண்டியதைவிடக் குறையும். எந்தப் பிரச்சினையைத் தீர்க்க மாதிரியைக் கட்டினோமோ அதே பிரச்சினை பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஓட்டம் முடிந்ததும் `divergent transitions` என்ற எச்சரிக்கை வரும். சில பத்துத்தானே என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. `s_def` இன் மடக்கையை ஓர் அச்சிலும் ஏதாவது ஓர் அணியின் தற்காப்பு எண்ணை மறு அச்சிலும் வைத்துப் புள்ளிகளை வரைந்தால், எச்சரிக்கைக்குரிய புள்ளிகள் புனலின் கழுத்தருகே கொத்தாக நிற்பது தெரியும். மேலே எழுதிய வடிவத்தில் `zd` எப்போதும் ஒரே அகலத்தில் இருப்பதால், தரவு மெலிந்திருக்கும் வரையில் புனல் உருவாவதில்லை. ஆனால் இதை எக்காலத்துக்கும் உரிய மருந்தாக நினைத்துவிடக் கூடாது. பல பருவங்களின் தரவைச் சேர்த்து, ஒவ்வோர் அணியையும் பற்றி நிறையத் தெரிந்துவிட்டால், நேரடி வடிவமே வேகமாகவும் சீராகவும் ஓடும்.

கணினிச் சிக்கலைத் தாண்டியும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிக அக்கறைக்குரியது. நம் கணக்கு மான்செஸ்டர் சிட்டிக்கும் லெஸ்டருக்கும் 1.56 என்ற ஒரே தாக்குதல் எண்ணைக் கொடுத்தது. முந்தைய பருவத்தில் முதலாமவர் 83 கோல்கள் போட்டவர்கள், இரண்டாமவர் 46. அந்த வித்தியாசம் மாதிரிக்குத் தெரியாது. இருபது அணிகளின் பெயர்ப் பலகைகளையும் மாற்றி மாட்டினாலும் எங்கள் முன்னறிவு மாறாது என்று அதற்கு நாம் சொல்லியிருக்கிறோம். புதிதாக மேல் பிரிவுக்கு வந்த போர்ன்மத், வாட்ஃபோர்டு, நார்விச் அணிகளும் அதே சராசரியை நோக்கித்தான் இழுக்கப்படும். இதை நம்பும் கால்பந்து ரசிகர் யாரும் இருக்க முடியாது.

திருத்தம் எளிது. எல்லோரையும் பூஜ்யத்தை நோக்கி இழுப்பதற்குப் பதில், ஒவ்வோர் அணியையும் அதன் சென்ற பருவ எண்ணின் ஒரு பங்கை நோக்கி இழுக்கலாம். அந்தப் பங்கையும் தரவே சொல்லட்டும். ஆண்ட்ரூ கெல்மன் 2014 உலகக் கோப்பைக்காக ஸ்டானில் எழுதிய மாதிரியிலும் இதே உத்தி உண்டு: போட்டிக்கு முன்பே இருந்த ஒரு தரவரிசை, நாடுகளின் பலத்துக்கு நடுப்புள்ளியைக் கொடுத்தது.

பங்கு 0.6 என்றும், நடுப்புள்ளி கூர்மையானதால் முன்னறிவின் எடை 11 ஆட்டங்களிலிருந்து 20க்கு ஏறியது என்றும் வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைக்கும் எண்கள். உண்மை மதிப்புகளை மாதிரிதான் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் சிட்டியின் நடுப்புள்ளி ஆட்டத்துக்கு 1.77க்கு உயர்கிறது, ஐந்து ஆட்டங்களைச் சேர்த்தபின் 1.86. மீதி ஆட்டங்களில் அவர்கள் உண்மையில் போட்டது 1.82. அற்புதமான முன்னேற்றம். லெஸ்டரின் நடுப்புள்ளியோ 1.24, சேர்த்தபின் 1.43. அவர்கள் உண்மையில் போட்டது 1.73. பழைய, விவரமறியாத மாதிரி கொடுத்த 1.56ஐவிட இது மோசம். அந்தப் பருவத்தில் 81 புள்ளிகளோடு பட்டம் வென்ற அணி லெஸ்டர்தான்.

நார்மல் பரவலைப் பொதுப் பரவலாக வைப்பதன் விலை இது. உண்மையிலேயே கூட்டத்திலிருந்து விலகிய அணியையும் அது மற்றவர்களோடு ஒரே விகிதத்தில் உள்ளே இழுக்கும். ஜான்லூக்கா பையோவும் மார்த்தா பிளாஞ்சார்தோவும் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தாலியின் சீரி ஆ 1991-92 பருவத்தை வைத்து இதைக் காட்டினார்கள்: உச்சியில் இருக்கும் அணிகள் இருக்க வேண்டியதைவிடக் கீழாகவும், அடியில் இருப்பவை மேலாகவும் வந்தன. அவர்கள் கண்ட வழி, ஒரே பொதுப் பரவலுக்குப் பதில் பலமான, நடுத்தரமான, பலவீனமான அணிகள் என்று மூன்று குழுக்களை வைத்து, எந்த அணி எந்தக் குழு என்பதை மாதிரியே கணிக்கும்படி விடுவது. குழுக்கள் வேண்டாம் என்றால், நார்மலின் இடத்தில் தடித்த வால் கொண்ட ஸ்டூடண்ட் டி பரவலை வைக்கலாம். நடுவில் இருப்பவர்களை அது முன்போலவே இழுக்கும், வெகுதூரம் போனவர்களை ஓரளவு விட்டுவிடும்.

எது தேவை என்று அறிய, மாதிரியைக் கொண்டே ஆயிரம் கற்பனைப் பருவங்களை ஆடவிட்டு, ஒவ்வொன்றிலும் முதலிடம் பெற்ற அணியின் கோல் எண்ணிக்கையையும் கடைசி அணியின் எண்ணிக்கையையும் உண்மைப் பருவத்தோடு ஒப்பிடலாம். கற்பனை முதலிடங்கள் தொடர்ந்து உண்மையைவிடக் கீழேயே விழுந்தால் இழுப்பு அதிகம். அப்போது வாலைத் தடிமனாக்குங்கள். ஆனால் ஐந்து ஆட்டங்களே முடிந்திருக்கும் செப்டம்பரில் இந்த மாற்றம் லெஸ்டருக்குப் பெரிதாக உதவியிருக்காது. ஐந்து ஆட்டங்களில் 11 கோல் என்பது கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஓர் அணிக்கும் கிடைக்கக்கூடிய எண். பாதிப் பருவம் கடந்தும் அதே வேகம் தொடர்ந்தால்தான் தடித்த வால் அந்த அணியைப் பிடித்துவைக்காமல் விடும்.